தொடைத் தசைகள்: மூன்று அறைகள், மூன்று நரம்புகள், இரண்டு மூட்டுகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிசியோதெரபி, நர்சிங், மருத்துவ மாணவர்கள் தொடைப் பகுதியைப் படிக்கும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. முதல் சில கேள்விகள் அடிப்படை. பின்னால் வருபவை நோயாளியின் படுக்கை அருகே எழுபவை. முன்னால் சொன்னதை நம்பியே பின்னால் உள்ள பதில்கள் நிற்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

1. தொடையில எத்தனை அறை இருக்கு, எதுக்கு எந்த நரம்புன்னு முதல்ல சுருக்கமா சொல்லுங்க.

மூன்று. முன் அறைக்கு ஃபெமரல் நரம்பு, முக்கிய வேலை முழங்காலை நீட்டுவது. உள் அறைக்கு ஆப்டுரேட்டர் நரம்பு, முக்கிய வேலை தொடையை நடுக்கோட்டை நோக்கிச் சேர்ப்பது. பின் அறைக்கு சயாட்டிக் நரம்பு, அதிலும் பெரும்பாலும் அதன் டிபியல் பகுதி. அதன் முக்கிய வேலை முழங்காலை மடக்குவதும் இடுப்பு மூட்டில் தொடையைப் பின்னுக்கு இழுப்பதும். ஃபெமரல், ஆப்டுரேட்டர் இரண்டுமே எல்2, எல்3, எல்4 வேர்களிலிருந்து வருகின்றன. இதை நன்றாக நினைவில் வையுங்கள், 9-ஆம் கேள்வி முழுக்க இதை வைத்துத்தான். சயாட்டிக் எல்4 முதல் எஸ்3 வரை.

தொடை முழுவதையும் இறுக்கமான காலுறை போலச் சுற்றியிருக்கும் உறைக்கு ஃபேசியா லேட்டா என்று பெயர். அதிலிருந்து உள்நோக்கிச் செல்லும் தடுப்புகள் தொடை எலும்பின் பின்புறம் ஓடும் லீனியா ஆஸ்பெரா என்ற வரம்பில் போய் ஒட்டுகின்றன. வெளிப்பக்கத் தடுப்பு தடித்து உறுதியாக இருக்கும். உள் அறைக்கும் பின் அறைக்கும் நடுவே உள்ளது மெல்லியது. அந்த எல்லையில் இருக்கும் அடக்டர் மேக்னஸ் இரண்டு அறைக்கும் உரிய தசையாக இருப்பதை 6-ஆம் கேள்வியில் பார்க்கலாம்.

2. முன், உள், பின் இருக்கே, வெளிப்பக்கத்துக்கு ஏன் தனி அறை இல்ல? டென்சர் ஃபேசியே லேட்டே எதுல சேரும்?

தொடையின் வெளிப்பக்கத்தில் கை வைத்தால் தட்டுப்படும் பெரிய தசை வாஸ்டஸ் லேட்டராலிஸ். அது குவாட்ரிசெப்ஸின் ஒரு பகுதி, ஆகவே முன் அறையைச் சேர்ந்தது, நரம்பு ஃபெமரல். அதன் மேல் பட்டையாக ஓடும் இலியோடிபியல் டிராக்ட் தசை அல்ல, ஃபேசியா லேட்டாவின் தடித்த பகுதி. டென்சர் ஃபேசியே லேட்டே தொடையின் மேல்பகுதியில் இருந்தாலும் பிட்டத் தசைக் கூட்டத்தைச் சேர்ந்தது. அதன் நரம்பு சுப்பீரியர் குளூட்டியல், அதாவது குளூட்டியஸ் மீடியஸுக்குப் போகும் அதே நரம்பு. இருக்கும் இடத்தை வைத்துத் தசையை அறையில் சேர்க்காமல் நரம்பை வைத்துச் சேர்த்தால் குழப்பம் வராது.

குழந்தைகளுக்குப் பென்டாவேலன்ட் தடுப்பூசியை இடது தொடையின் நடுப்பகுதியில், முன்பக்கமும் வெளிப்பக்கமும் சேரும் இடத்தில் போடுகிறார்கள். ஊசி இறங்குவது வாஸ்டஸ் லேட்டராலிஸில்தான். அங்கே தசை தடிமனாக இருக்கிறது, ஊசி போகும் பாதையில் பெரிய நரம்போ இரத்தக் குழாயோ இல்லை.

3. "முன் அறைத் தசைகள் முழங்காலை நீட்டும்"னு எழுதினா முழு மார்க் கிடைக்குமா?

கிடைக்காது, சார்டோரியஸ் விடுபட்டுவிடும். அதுவும் முன் அறைதான், ஃபெமரல் நரம்புதான். ஆனால் அது முழங்காலை மடக்குகிறது. இடுப்பு எலும்பின் முன் முனையிலிருந்து தொடையின் குறுக்கே சாய்வாக இறங்கி, முழங்காலின் உட்பக்கம் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு டிபியாவில் ஒட்டுகிறது. முழங்காலின் அச்சுக்குப் பின்னால் போவதால் நீட்ட முடியாது, மடக்கத்தான் முடியும். சம்மணம் போடும்போது உங்கள் கால் போகும் நிலையைப் பாருங்கள். தொடை மடங்கி, வெளியே விலகி, வெளிப்புறமாகத் திரும்பியிருக்கும், முழங்கால் மடங்கியிருக்கும். சார்டோரியஸின் செயல்கள் எல்லாம் அந்த ஒரு நிலையில் அடக்கம்.

குவாட்ரிசெப்ஸின் நான்கு தலைகளில் மூன்று வாஸ்டஸ்கள் தொடை எலும்பிலிருந்தே புறப்படுகின்றன. அவை இடுப்பு மூட்டைத் தாண்டுவதில்லை, எனவே இடுப்பில் அவற்றுக்கு வேலை கிடையாது. ரெக்டஸ் ஃபெமோரிஸ் மட்டும் இடுப்பு எலும்பில் துவங்கி இரண்டு மூட்டுகளையும் கடக்கிறது. அது இடுப்பை மடக்கும், முழங்காலை நீட்டும். இடுப்பை மடக்குவதில் தலையாய தசை இலியோசோவாஸ். அதில் இலியாக்கஸுக்கு ஃபெமரல் நரம்பின் கிளை, சோவாஸுக்கு இடுப்புத் தண்டுவட வேர்களிலிருந்து நேரடிக் கிளைகள். நரம்பு இரண்டாகப் பிரிந்திருப்பதால் ஃபெமரல் நரம்பு முழுவதும் போனாலும் இடுப்பு மடக்கம் பலவீனமாகுமே தவிர அடியோடு போகாது.

4. ரெண்டு மூட்டைத் தாண்டுற தசை, ரெண்டு வேலையையும் ஒரே நேரத்துல முழுசா செய்யுமா?

செய்யாது. தசை சுருங்கக்கூடிய அளவுக்கு ஒரு எல்லை உண்டு. ரெக்டஸ் ஃபெமோரிஸ் இடுப்பை நன்றாக மடக்கிவிட்டால் ஏற்கெனவே குறுகிப்போன நிலையில் இருக்கும், முழங்காலை நீட்ட அதனிடம் மிச்சம் குறைவு. ஹாம்ஸ்ட்ரிங் தசைகளிலும் இப்படித்தான். குப்புறப் படுத்து, தொடையைப் படுக்கையிலிருந்து தூக்கிய நிலையிலேயே குதிகாலைப் பிட்டத்துக்குக் கொண்டுவரப் பாருங்கள். பாதி வழியில் பலம் குறையும், பலருக்குத் தொடையின் பின்புறம் குரக்களி பிடிக்கும்.

எதிர்ப்பக்கத் தசை போதுமான அளவு நீளாததாலும் இயக்கம் நின்றுபோகும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கினால் சுமார் 80 பாகையில் தொடையின் பின்புறம் இழுத்துப் பிடிக்கும். முழங்காலை மடக்கிவிட்டால் அதே தொடை வயிற்றை நோக்கி 120 பாகை வரை வரும். இடுப்பு மூட்டு மாறவில்லை, ஹாம்ஸ்ட்ரிங் தளர்ந்தது, அவ்வளவுதான். ரெக்டஸ் ஃபெமோரிஸ் இறுகியிருக்கிறதா என்று பார்க்க நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து முழங்காலை மெல்ல மடக்க வேண்டும். மடக்க மடக்க அந்தப் பக்கத்து இடுப்பு படுக்கையை விட்டு எழும்பினால் இறுக்கம் ரெக்டஸில். வாஸ்டஸ்கள் இறுகியிருந்தால் முழங்கால் மடங்காதே தவிர இடுப்பு எழும்பாது, ஏனென்றால் அவை இடுப்பைத் தொடுவதே இல்லை.

5. பைசெப்ஸ் ஃபெமோரிஸ் ஒரே தசை, அதுக்கு எதுக்கு ரெண்டு நரம்பு?

பெயர்தான் ஒன்று, பிறப்பு வேறு. நீளத் தலை, நாம் உட்காரும்போது தரையில் படும் இஸ்கியல் ட்யூபராசிட்டியில் துவங்குகிறது, சயாட்டிக்கின் டிபியல் பகுதி அதற்கு நரம்பு. குட்டைத் தலை லீனியா ஆஸ்பெராவில் துவங்குகிறது, இடுப்பு மூட்டைத் தாண்டுவதில்லை. அதற்கு சயாட்டிக்கின் மற்றொரு பகுதியான காமன் ஃபிபுலார் நரம்பு. பழைய நூல்களில் இதற்குக் காமன் பெரோனியல் என்று பெயர், இரண்டும் ஒன்றே. கருவில் கால் மொட்டின் முதுகுப்புறத்தில் உருவான தசைத் தொகுதியிலிருந்து வந்தது குட்டைத் தலை, மற்ற ஹாம்ஸ்ட்ரிங்குகள் வயிற்றுப்புறத் தொகுதியிலிருந்து வந்தவை. கால் வளரும்போது உள்நோக்கிச் சுழன்றதால் முதுகுப்புறம் இருந்தவை பெரும்பாலும் முன்னுக்கு வந்துவிட்டன. குட்டைத் தலை மட்டும் பின் அறையில் நின்றது, தன் பழைய நரம்போடு.

இதனால்தான் அதை உண்மையான ஹாம்ஸ்ட்ரிங்காகக் கணக்கில் எடுப்பதில்லை. உண்மையான ஹாம்ஸ்ட்ரிங் இஸ்கியல் ட்யூபராசிட்டியில் துவங்க வேண்டும், முழங்காலைத் தாண்டிக் கீழ்க்காலில் ஒட்ட வேண்டும், டிபியல் நரம்பைப் பெற வேண்டும். செமிடெண்டினோசஸ், செமிமெம்பிரனோசஸ், பைசெப்ஸின் நீளத் தலை மூன்றும் இதில் தேறும். இந்தக் குட்டைத் தலையை மனப்பாடச் சுமையாக நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். பாதம் தொங்கும் நோயாளியிடம் அது எவ்வளவு பெரிய தகவலைத் தரும் என்பது 11-ஆம் கேள்வியில் இருக்கிறது.

6. அடக்டர் மேக்னஸ் உள் அறையா, பின் அறையா? ஆப்டுரேட்டர் நரம்பு போனா தொடையைச் சேர்க்கவே முடியாதா?

அதில் இரண்டு பகுதிகள் உண்டு. இடுப்பு எலும்பின் கீழ்க் கிளையிலிருந்து விசிறி போல விரிந்து லீனியா ஆஸ்பெராவில் ஒட்டும் பகுதி ஆப்டுரேட்டர் நரம்பின் கீழ் வருகிறது, தொடையைச் சேர்க்கிறது. இஸ்கியல் ட்யூபராசிட்டியிலிருந்து நேரே கீழிறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே உட்புறம் தட்டுப்படும் அடக்டர் ட்யூபர்க்கிளில் ஒட்டும் பகுதி சயாட்டிக்கின் டிபியல் பகுதியிலிருந்து நரம்பைப் பெறுகிறது, தொடையைப் பின்னுக்கு இழுக்கிறது. இந்த இரண்டாம் பகுதி முழங்காலைத் தாண்டாததால் 5-இல் சொன்ன தேர்வில் தேறாது, ஆனாலும் இடுப்பு மூட்டில் ஹாம்ஸ்ட்ரிங்கின் வேலையைச் செய்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள திறப்பு வழியாகத்தான் ஃபெமரல் தமனியும் சிரையும் முழங்காலின் பின்புறம் போகின்றன.

ஆப்டுரேட்டர் நரம்பு முழுவதும் செயலிழந்தாலும் சேர்க்கும் வலு பூஜ்யமாகாது. மேக்னஸின் பின் பகுதி கொஞ்சம் உதவும். பெக்டினியஸ் உதவும், அது பெரும்பாலானவர்களுக்கு ஃபெமரல் நரம்பிலிருந்துதான் நரம்பைப் பெறுகிறது. உள் அறையை ஒட்டி இருந்தும் நரம்பால் முன் அறையைச் சேர்ந்தது, சிலருக்கு ஆப்டுரேட்டரிலிருந்தும் ஒரு கிளை வரும். ஆகவே பரிசோதிக்கும்போது "சேர்க்க முடிகிறது, நரம்பு நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டக் கூடாது. மல்லாந்து படுத்தவரின் இரண்டு தொடைகளையும் சற்று விலக்கி, முழங்கால்களின் உட்புறம் கை வைத்து, நடுவுக்கு அழுத்தச் சொல்லி இரண்டு பக்கத்தையும் ஒப்பிட வேண்டும்.

7. முழங்காலுக்கு உட்பக்கம் மூணு தசைநாண் ஒண்ணா ஒட்டுதே, பெஸ் ஆன்சரினஸ். அதுல எது எந்த அறை?

அறைக்கு ஒன்று. சார்டோரியஸ் முன் அறை, ஃபெமரல். கிராசிலிஸ் உள் அறை, ஆப்டுரேட்டர். செமிடெண்டினோசஸ் பின் அறை, சயாட்டிக்கின் டிபியல் பகுதி. உள் அறையில் முழங்காலைத் தாண்டும் ஒரே தசை கிராசிலிஸ்தான். இடுப்பு எலும்பின் மூன்று வெவ்வேறு மூலைகளிலிருந்து புறப்பட்டு டிபியாவின் மேற்பகுதியில் ஒரே இடத்தில் முடிவதால், ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பைத் தாங்கும் மூன்று கயிறுகள் போல இவை பயன்படுகின்றன. மூன்றுமே முழங்காலை மடக்கும், மடங்கிய நிலையில் கீழ்க்காலை உட்புறமாகத் திருப்பும்.

நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை 90 பாகை மடக்கிக் குதிகாலைத் தரையில் ஊன்றுங்கள். முழங்காலின் பின்புறம் இரண்டு பக்கமும் விரல் வைத்துக்கொண்டு, பாதத்தின் முன்பகுதியை உள்ளே திருப்பினால் உட்பக்கத்துத் தசைநாண்கள் விறைக்கும், வெளியே திருப்பினால் வெளிப்பக்கத்து பைசெப்ஸ் விறைக்கும். முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டு இதைச் செய்து பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், அப்போது திரும்புவது முழங்கால் அல்ல, இடுப்பு மூட்டு.

8. குவாட்ஸ் நீட்டும், ஹாம்ஸ்ட்ரிங் மடக்கும். அப்போ நாற்காலியில இருந்து எழுந்திருக்கும்போது ரெண்டும் ஏன் சேர்ந்து இறுகுது? ஒண்ணை ஒண்ணு தடுக்காதா?

இது லம்பார்டின் முரண் என்று பெயர் பெற்ற பழைய கேள்வி. அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் வாரன் லம்பார்ட் 1903-இல் இதைப் பற்றி எழுதினார். விடை, தசை மூட்டின் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இழுக்கிறது என்பதில் இருக்கிறது. கதவைத் தாழ்ப்பாள் பக்கம் தள்ளினால் எளிதாகத் திறக்கும், கீல் பக்கம் தள்ளினால் அதே பலத்துக்கு அசையாது. இடுப்பு மூட்டில் ஹாம்ஸ்ட்ரிங் அச்சிலிருந்து நல்ல தூரத்தில் இழுக்கிறது, ரெக்டஸ் ஃபெமோரிஸ் அதைவிடக் கிட்டத்தில் இழுக்கிறது. ஆகவே இடுப்பில் ஹாம்ஸ்ட்ரிங் வெல்கிறது, இடுப்பு நீள்கிறது. முழங்காலில் குவாட்ரிசெப்ஸுக்குத்தான் தூரம் அதிகம், முட்டிச்சில்லு அதன் தசைநாணை முன்னுக்குத் தள்ளிப் பிடித்திருக்கிறது. அங்கே குவாட்ரிசெப்ஸ் வெல்கிறது, முழங்காலும் நீள்கிறது. இரண்டு மூட்டும் சேர்ந்து நீள்வதால்தான் நாம் எழுகிறோம்.

9. முழங்காலை நீட்ட முடியல, நீ ஜெர்க் இல்ல. ஃபெமரல் நரம்பா, எல்3-எல்4 வேரா? எப்படிப் பிரிக்கிறது?

உள் அறையைக் கேளுங்கள். ஃபெமரலும் ஆப்டுரேட்டரும் ஒரே வேர்களிலிருந்து வருகின்றன. வேரிலோ நரம்புப் பின்னலிலோ கோளாறு என்றால் இரண்டு நரம்பின் தசைகளும் பலவீனமாகும். ஃபெமரல் நரம்பில் மட்டும் என்றால் தொடையைச் சேர்க்கும் வலு அப்படியே இருக்கும். அதோடு கணுக்காலை மேலே தூக்கும் டிபியாலிஸ் ஆன்டீரியரையும் பாருங்கள். அதற்கு எல்4 வேர் வருகிறது, ஆனால் ஃபெமரல் வழியாக அல்ல, சயாட்டிக் வழியாக.

ஒரு மாதிரி நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 62, இதய வால்வுக்காக வார்ஃபரின் சாப்பிடுகிறார். இரண்டு நாளாக வலது கவட்டையிலும் தொடையின் முன்புறத்திலும் கடும் வலி, படியிறங்கும்போது முழங்கால் மடிந்து விழப்பார்த்தார். படுக்கையில் வலது இடுப்பை மடக்கியே வைத்திருக்கிறார், நீட்டினால் வலி. முழங்கால் நீட்டும் வலு 5-க்கு 2, இடுப்பு மடக்கும் வலு 4, வலியும் கூட. நீ ஜெர்க் வலதில் இல்லை. தொடையைச் சேர்க்கும் வலு 5, கணுக்கால் தூக்கும் வலு 5. தொடையின் முன்புறமும், முழங்காலுக்குக் கீழே உட்புறம் கணுக்கால் வரையும் உணர்வு குறைவு.

சேர்க்கும் வலுவும் கணுக்காலும் நன்றாக இருப்பதால் வேர் அல்ல, ஃபெமரல் நரம்பு. கீழ்க்காலின் உட்புற உணர்வு குறைவதும் இதோடு பொருந்துகிறது, அந்தத் தோலுக்குப் போகும் சஃபீனஸ் ஃபெமரலின் கிளை. கவட்டைக்குக் கீழே அடிபட்டிருந்தால் இடுப்பு மடக்கம் பெரிதாகப் பாதிக்காது, இலியாக்கஸுக்கான கிளை வயிற்றுக்குள்ளேயே பிரிந்துவிடுகிறது. இங்கே அதுவும் குறைந்திருக்கிறது, இடுப்பை மடக்கியே வைத்திருக்கிறார், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறார். மூன்றையும் சேர்த்தால் இலியாக்கஸ் தசைக்குள் இரத்தக் கட்டு நரம்பை அழுத்துகிறது என்ற சந்தேகம்தான் முதலில் வரவேண்டும். உடனே ஐ.என்.ஆர் அளவும் இடுப்புக்கூட்டின் சி.டி ஸ்கேனும் தேவை. முதுகு எம்.ஆர்.ஐ மட்டும் எடுத்து, அந்த வயதில் சாதாரணமாகத் தெரியும் வட்டுத் தேய்மானத்தைக் காரணமாக்கி அனுப்பிவிடுவதுதான் இங்கே நடக்கக்கூடிய பெரிய தவறு.

இதே நோயாளிக்குச் சேர்க்கும் வலுவும் குறைந்திருந்தால் கதை வேறு. முதுகிலிருந்து இறங்கும் வலியோடு கணுக்காலும் பலவீனம் என்றால் எல்4 வேரை நினைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்குத் தொடையில் கடும் வலி, பிறகு குவாட்ரிசெப்ஸும் சேர்க்கும் தசைகளும் மெலிவது, கூடவே உடல் எடை குறைவது என்றால் நீரிழிவால் வரும் நரம்புப் பின்னல் பாதிப்பை நினைக்க வேண்டும். தொடையின் வெளிப்புறம் மட்டும் எரிச்சல், மரத்துப்போதல், வலு எதிலும் குறைவில்லை என்றால் இவை எதுவுமே அல்ல. அது இறுக்கமான பெல்ட்டாலோ உடல் பருமனாலோ அழுத்தப்படும் வெளிப்புறத் தோல் நரம்பு. அந்த நரம்பு தசை எதற்கும் போவதில்லை.

10. குவாட்ஸ் அவ்வளவு வீக்கா இருந்தும் சிலர் நடந்தே வர்றாங்களே, எப்படி? டெஸ்ட் பண்ணும்போதும் வலு நல்லா இருக்கிற மாதிரி ஏமாத்துது.

முழங்கால் முழுவதும் நீண்டு பூட்டிக்கொண்டால் நிற்பதற்குக் குவாட்ரிசெப்ஸ் அதிகம் தேவையில்லை. உடம்பை முன்னுக்குச் சாய்த்து எடையை முழங்காலின் அச்சுக்கு முன்னால் கொண்டுவருவார்கள். குளூட்டியஸ் மேக்சிமஸ் தொடையைப் பின்னுக்கு இழுக்கும், கெண்டைக்கால் தசை டிபியாவைப் பின்னுக்குப் பிடிக்கும், முழங்கால் தானாக நேராகும். அதுவும் போதாதபோது காலடி ஊன்றும் ஒவ்வொரு முறையும் தொடையைக் கையால் பின்னுக்கு அழுத்துவார்கள். போலியோ பாதித்தவர்களின் நடையில் இதைப் பார்த்திருப்பீர்கள். சமதளத்தில் இது போதும். படி, சரிவு, தரையிலிருந்து எழுவது ஆகியவற்றில் முழங்கால் மடங்கிய நிலையில் எடை தாங்க வேண்டியிருப்பதால் அங்கே வெளிப்பட்டுவிடும்.

சோதனையில் ஏமாறுவதற்கும் இந்தப் பூட்டுதான் காரணம். முழங்காலை முழுவதும் நீட்டச் சொல்லிவிட்டு அழுத்தினால் எலும்புதான் தாங்கும். நோயாளியை மேசை விளிம்பில் உட்காரவைத்து, தொடைக்கு அடியில் மடித்த துண்டு வைத்து, முழங்காலைப் பூட்டுவதற்குச் சற்று முன்னால், 10 முதல் 15 பாகை மடங்கிய நிலையில் நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு கணுக்காலுக்கு மேலே கை வைத்துக் கீழ்நோக்கி அழுத்துங்கள். பின்னால் சாய விடாதீர்கள். சாய்ந்தால் இடுப்பு நீண்டு, 4-இல் சொன்னபடி ரெக்டஸுக்குக் கூடுதல் நீளம் கிடைத்து, வாஸ்டஸ்களின் பலவீனம் மறைந்துவிடும். நீங்கள் கையால் நீட்டினால் முழுவதும் நீள்கிறது, நோயாளியாக நீட்டினால் கடைசிச் சில பாகை குறைகிறது என்றால் பிரச்சினை தசையில். இரண்டு விதத்திலும் நீளவில்லை என்றால் மூட்டில்.

11. பிட்டத்துல ஊசி போட்டப்புறம் பாதம் தொங்குது. முழங்காலுக்குக் கீழ ஃபிபுலா கழுத்துல அடிபட்டாலும் பாதம் தொங்கும். தொடைத் தசையை வெச்சு பிரிக்க முடியுமா?

முடியும், 5-இல் பார்த்த குட்டைத் தலையை வைத்து. சயாட்டிக் நரம்பு ஒரே உறைக்குள் ஓடும் இரண்டு நரம்பு. பிட்டத்தில் அது காயப்படும்போது காமன் ஃபிபுலார் பகுதிதான் அதிகம் பாதிக்கப்படுகிறது, டிபியல் பகுதி தப்பிவிடலாம். அப்போது ஹாம்ஸ்ட்ரிங் நன்றாக இருக்கும், கெண்டைக்கால் நன்றாக இருக்கும், பாதம் மட்டும் தொங்கும். பார்த்தால் ஃபிபுலா கழுத்தில் அடிபட்டது போலவே தெரியும். காமன் ஃபிபுலார் நரம்பு முழங்காலுக்கு மேலே போகும் ஒரே தசை பைசெப்ஸின் குட்டைத் தலை. அது பாதிக்கப்பட்டிருந்தால் காயம் முழங்காலுக்கு மேலே, நன்றாக இருந்தால் காயம் கீழே.

கையால் அதைத் தனியே சோதிக்க முடியாது. முழங்காலை மடக்கச் சொன்னால் மற்ற ஹாம்ஸ்ட்ரிங்குகளே போதும், பலவீனம் தெரியாது. இ.எம்.ஜி ஊசியைக் குட்டைத் தலைக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நரம்பு அறுந்ததன் அடையாளங்கள் இ.எம்.ஜி-யில் தெளிவாகத் தெரிய சுமார் 3 வாரம் ஆகும் என்பதால் மறுநாளே எடுத்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று எழுதக் கூடாது. அதற்குள் பாதத்தை உள்பக்கம் திருப்பும் வலுவையும் பாருங்கள். அது டிபியல் வழியாக வரும் எல்5. அதுவும் குறைந்து, இடுப்பை வெளியே விலக்கும் வலுவும் குறைந்திருந்தால் நரம்பை விட்டுவிட்டு எல்5 வேரைத் தேட வேண்டும்.

12. குழந்தை முழங்கால் வலின்னு சொல்லுது, முழங்கால் எக்ஸ்ரே நல்லா இருக்கு. இடுப்பை ஏன் பார்க்கச் சொல்றாங்க?

இடுப்பு மூட்டும் முழங்கால் மூட்டும் ஒரே நரம்புகளிலிருந்து உணர்வுக் கிளைகளைப் பெறுகின்றன. ஒரு மூட்டை அசைக்கும் தசைகளுக்குப் போகும் நரம்புகளே அந்த மூட்டுக்கும் உணர்வு தருகின்றன, இது 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில அறுவை மருத்துவர் ஜான் ஹில்டனின் விதி. ஆப்டுரேட்டர் நரம்பின் முன் கிளை இடுப்பு மூட்டுக்குப் போகிறது, பின் கிளை முழங்கால் வரை இறங்குகிறது. இடுப்பு மூட்டில் வரும் வலியை மூளை முழங்காலில் வைத்து உணர்வது அதனால்தான். குழந்தை பொய் சொல்லவில்லை.

ஏறக்குறைய 10 முதல் 16 வயதுக்குள், அதிலும் எடை கூடுதலான பிள்ளைகளுக்கு, தொடை எலும்பின் தலை வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவும் நோய் இப்படித்தான் தொடையிலோ முழங்காலிலோ வலியாக மட்டும் வரலாம். மல்லாந்து படுக்கவைத்து இடுப்பை மடக்குங்கள். தொடை நேராக மேலே வராமல் தானாக வெளிப்பக்கம் திரும்பிப் போனால், உட்பக்கம் திருப்ப முடியாமல் வலித்தால், அன்றே இடுப்பின் நேர்ப் படமும் தவளைக் கால் நிலைப் படமும் எடுக்க வேண்டும். படம் வரும்வரை பிள்ளையை நடக்க விடக் கூடாது, நழுவல் கூடலாம்.

13. சிறுநீர்ப்பைக் கட்டியைச் சுரண்டும் ஆபரேஷன்ல, முதுகுல மயக்க ஊசி போட்டும் கால் திடீர்னு உள்பக்கம் துள்ளுதே. மருந்து வேலை செய்யலையா?

மருந்து வேலை செய்கிறது. முதுகில் போடும் ஊசி நரம்பு வேர்களைத் தடுக்கிறது, வேருக்குக் கீழே ஓடும் நரம்பு உயிரோடுதான் இருக்கிறது. ஆப்டுரேட்டர் நரம்பு தொடைக்கு வருமுன் இடுப்புக்கூட்டின் பக்கச் சுவரை ஒட்டி ஓடுகிறது, நிரம்பிய சிறுநீர்ப்பையின் பக்கச் சுவருக்கு மிக அருகில். அந்தச் சுவரில் உள்ள கட்டியை மின்வளையத்தால் வெட்டும்போது மின்சாரம் நரம்பைத் தூண்டுகிறது, அந்தப் பக்கத்து உள் அறை முழுவதும் ஒரே நேரத்தில் சுருங்குகிறது, தொடை உள்ளே துள்ளுகிறது. துள்ளலில் வளையம் சிறுநீர்ப்பைச் சுவரைத் துளைத்துவிடலாம்.

எனவே பக்கச் சுவரில் கட்டி என்று முன்பே தெரிந்தால் இடுப்பு எலும்பின் முன்பக்க முண்டுக்கு அருகே ஆப்டுரேட்டர் நரம்பையே தனியாக மரக்கச் செய்கிறார்கள். அல்லது முழு மயக்கம் கொடுத்துத் தசைத் தளர்த்தி மருந்து போடுகிறார்கள், அது நரம்பும் தசையும் சேரும் இடத்தையே அடைத்துவிடுவதால் தூண்டல் தசையை எட்டாது. வெட்டும்போது சிறுநீர்ப்பையை முழுக்க நிரப்பாமல் வைத்திருப்பதும் உதவும், சுவர் நரம்பிலிருந்து சற்று விலகும். மரக்க மருந்து வேலை செய்கிறதா என்று வெட்டத் துவங்குமுன் தெரிந்துகொள்ள, நரம்பு தூண்டும் ஊசியில் அடக்டர் தசைகளின் துடிப்பு மருந்து போன பிறகு நின்றுவிட்டதா என்று பார்க்கிறார்கள்.